நடராஜா சேர்விஸுக்கு ஒரு பெர்மிட் வேண்டும்

பஸ் நேரங்களை வகுத்தருளும் பெருமதிப்புக்குரிய அதிகாரி அவர்களுக்கு,

கடந்த திங்கட்கிழமை காலை கலகெதர டவுன் தரிப்பில் குருநாகல் பஸ் ஒன்று நின்றது. மிதிபலகையில் கால் வைத்த ஒரு வயதான உம்மாவைப் பார்த்து, "கிட்டப் போறவங்க ஏற வேணாம், நடந்தே போகலாமே" என்று கொண்டக்டர் அறிவுரை சொன்னார். பின்னால் நின்ற பத்துப் பதினைந்து பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னார். பஸ் போய்விட்டது. இதற்காக உங்கள் மீது கோபப்பட வேண்டும் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பஸ்ஸுக்குள் இருப்பவரே நடையைச் சிபாரிசு செய்தால், அந்தச் சிபாரிசைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் மரியாதை. பார்த்தேன். கொண்டக்டர் சொன்னது பெரும்பாலும் சரி என்று தெரிகிறது. ஆகவே பெர்மிட் இல்லாமல், டிக்கெட் இல்லாமல், ஆள் நிரம்பும்வரை காத்திராமல் இந்த ஊரில் நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கும் நடராஜா சேர்விஸை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமையாகிறது.

வீட்டு வாசலிலிருந்து வேலைத்தல வாசல்வரை மூன்று கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கலகெதரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இது சாதாரணத் தூரம். மணிக்கு ஐந்து கிலோமீற்றர் நடப்பவருக்கு 36 நிமிடம். சைக்கிளுக்கு, அவசரமில்லாமல் மணிக்குப் பன்னிரண்டு என்று மிதித்தால் 15 நிமிடம், பூட்டித் திறக்க இரண்டு சேர்த்து 17. பஸ்ஸுக்கு வருவோம். வீட்டிலிருந்து பெரிய வீதிக்கு 400 மீற்றர், ஐந்து நிமிடம். இறங்கியபின் 200 மீற்றர், இரண்டரை நிமிடம். இடையில் மிஞ்சும் 2.4 கிலோமீற்றரை, ஏற்றி இறக்கி மணிக்குப் பதினெட்டு வீதம் போனால் எட்டு நிமிடம். ஆக மொத்தம் பதினைந்தரை நிமிடம். இங்கே பஸ் வென்றுவிட்டது என்று நீங்கள் புன்னகைக்கலாம். ஆனால் இந்தக் கூட்டலில் ஓர் எண்ணை இன்னும் சேர்க்கவில்லை. அது தரிப்பில் நிற்கும் நேரம். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நிற்க நேர்ந்தால் சைக்கிள் முந்திவிடுகிறது. இருபதரை நிமிடத்துக்கு மேல் போனால் நடராஜா சேர்விஸ் முந்திவிடுகிறது. இந்தப் போட்டி வீதியில் தீர்மானமாவதில்லை. தரிப்பில், பஸ் கண்ணுக்கே தெரியாத நேரத்தில் தீர்மானமாகிறது.

அந்த நேரத்தை உங்கள் அலுவலகத்தார் எப்படிக் கணக்கிடுவார்கள் என்று ஊகிக்க முடிகிறது. மணிக்கு நான்கு பஸ், பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று, எப்போது வந்தாலும் சராசரி ஏழரை நிமிடம்தான் காத்திருப்பு. கடதாசியில் அழகான கணக்கு. இதே நான்கு பஸ்ஸும் ஐந்து நிமிட இடைவெளி, பிறகு இருபத்தைந்து நிமிட இடைவெளி என்று மாறி மாறி வந்தால்? மணிக்கு நான்கு என்பது அப்படியே இருக்கும், பெர்மிட் புத்தகத்தில் ஒரு பிழையும் தெரியாது. ஆனால் நேரம் பார்க்காமல் தரிப்புக்கு வரும் ஆறு பேரில் ஐந்து பேர் அந்த நீண்ட இடைவெளிக்குள்தான் வந்து விழுவார்கள். முப்பது நிமிடத்தில் இருபத்தைந்து அதற்குச் சொந்தம் அல்லவா? சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ 11 நிமிடமாகிவிடும். நான்கும் ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்றாக வந்தால் சராசரி அரை மணி. பஸ் எண்ணிக்கையை மட்டும் எண்ணுகிறவருக்கு இந்த மூன்று ஊர்களும் ஒரே ஊர்.

பஸ்கள் ஏன் இப்படிக் கூட்டாக வருகின்றன என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தனியார் பஸ்ஸில் சாரதிக்கும் கொண்டக்டருக்கும் அன்றைய வசூலைப் பொறுத்தே கை நிறைகிறது. ஆகவே டவுனில் ஆள் சேரும்வரை உருட்டி உருட்டி நிற்கிறார்கள். நின்றதால் பிந்துகிறது. பிந்திய பஸ்ஸுக்கு அடுத்த தரிப்பில் கூடுதல் ஆட்கள் காத்திருப்பார்கள், அவர்களை ஏற்றவே நேரம் பிடிக்கும், இன்னும் பிந்தும். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஆட்களே இல்லை. காலியாக ஓடி முன்னதைப் பிடித்துவிடும். பிடித்ததும் போட்டி தொடங்கும். அப்போதுதான் வளைவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு இரண்டு பஸ் சமாந்தரமாக வருகிற அந்தக் காட்சி. இவ்வளவு வேகத்தால் கிட்டத்துப் பயணிக்கு என்ன லாபம்? வேகத்தை இரட்டித்தாலும் எட்டு நிமிடம் நான்காகும். மிச்சம் நான்கு நிமிடம். எக்ஸிலேட்டரைத் தொடாமலே, இடைவெளியைப் பதினைந்து பதினைந்தாகச் சீராக்கினால், அதிகபட்சக் காத்திருப்பில் பத்து நிமிடம் மிச்சம். நான்கு நிமிடத்துக்காக மிதிபலகையில் தொங்குகிற பையன்களின் உயிரைப் பணயம் வைக்கிறீர்கள்; பத்து நிமிடத்தை இனாமாகத் தருகிற ஒழுங்கைக் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறீர்கள். இது அலட்சியம். வேறு சொல் எனக்குத் தெரியாது. மன்னிக்க வேண்டும், தங்கள் பொன்னான நேரத்தில் குரலை உயர்த்திவிட்டேன். நடராஜா சேர்விஸில் ஹோர்ன் கிடையாது என்பதை மட்டும் பணிவுடன் குறிப்பிட்டு மேலே செல்கிறேன்.

சராசரியையே பிடித்துக்கொண்டு நீங்கள் மறுக்கலாம். ஐந்தும் இருபத்தைந்துமாக பஸ் வரும் அந்தச் சீர்கெட்ட ஊரிலும் சராசரிப் பயணம் இருபத்தாறரை நிமிடம்தானே, நடையைவிடக் குறைவுதானே என்பீர்கள். உண்மை. ஆனால் எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் சராசரியை நம்பி வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது. இருபத்தைந்து நிமிடம் நிற்க நேரலாம் என்று எண்ணித்தான் கிளம்ப வேண்டும். அப்போது பஸ் பயணம் நாற்பதரை நிமிடம். நடை 36. அன்று பஸ் சீக்கிரம் வந்தாலும் மிஞ்சிய நேரம் வேலைத்தல வாசலில்தான் கழியும். வீட்டுக்குத் திரும்பி வராது. வந்த பஸ்ஸும் "கிட்டப் போறவங்க ஏற வேணாம்" என்று போய்விட்டால் அடுத்த இடைவெளியும் இந்தக் கணக்கில் ஏறும். நடைக்கு இந்த வில்லங்கம் ஒன்றும் இல்லை. இன்று 36 என்றால் நாளையும் 36. தங்கள் பதிவேட்டில் உள்ள எந்தச் சேவையும் இத்தனை நேரந்தவறாமையைக் காட்டியதில்லை என்பதால்தான் அதற்கொரு பெர்மிட் கேட்கிறேன்.

கலகெதர என்ன யாழ்ப்பாணமா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. தொண்ணூறுகளில் பெற்றோலே போகாத காலத்தில் யாழ்ப்பாணம் சைக்கிளில் வாழ்ந்தது, நிலம் மேசைபோல் தட்டை. இங்கே ஏற்றம் இருக்கிறது. ஆகவே ஏற்றத்தையும் கணக்கில் சேர்ப்போம். 1892 இல் நேய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி சொன்ன விதியை நடப்பவர்கள் இன்றும் கையாளுகிறார்கள்: ஏறுகிற ஒவ்வொரு அறுநூறு மீற்றர் உயரத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள். மூன்று கிலோமீற்றருக்குள் அறுபது மீற்றர் ஏறினால் ஆறு நிமிடம்; நடை 42 ஆகும். சைக்கிளுக்கு இதைவிடச் சோதனை. ஆளும் வண்டியுமாக எண்பது கிலோவை அறுபது மீற்றர் தூக்க, பழகிய ஒருவரின் நூறு வாட் உழைப்பில் எட்டு நிமிடம் தனியாகப் போகும். பதினேழு 25 ஆகும். சட்டை நனையும், அதை மறுக்கவில்லை. அப்படியும் பஸ்ஸுக்காகப் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தால் ஏற்றத்திலும் சைக்கிளே முதலில் போய்ச் சேர்கிறது. திரும்பும்போது அதே மேடு இறக்கம். உழைப்பெல்லாம் பிரேக் கட்டைக்குத்தான். 2022 இல் எண்ணெய் வரிசைகள் நீண்டு, ஜூலையில் குறைந்தபட்ச பஸ் கட்டணம் 40 ரூபாவானபோது மலைநாட்டிலும் ஆட்கள் சைக்கிளைத் துடைத்து எடுத்தார்கள். எண்ணெய் வந்ததும் திரும்பவும் சாய்த்து வைத்தார்கள். மேடு அவர்களை விரட்டவில்லை. ஓரம் இல்லாத வீதியும், ஒரு பக்கம் கானும், மறுபக்கம் முந்தப் பார்க்கிற பஸ்ஸும்தான் விரட்டின.

நடையும் சைக்கிளும் எல்லோருக்கும் ஆகாது என்ற மறுப்பை மட்டும் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். முழங்கால் வலிக்காரர், கைப்பிள்ளைக்காரி, அரிசிப் பையோடு வருபவர், அடைமழையில் பாடசாலைக்குப் போகும் பிள்ளை ஆகியோருக்கு 36 நிமிடம் என்பது வெறும் எண்தான். த்ரீவீலில் போகலாமே என்பது மாதச் சம்பளத்தைக் கணக்குப் பார்க்காதவர் பேச்சு. பஸ் உண்மையில் இவர்களுக்குத்தான் வேண்டும். ஆனால் சீசன் டிக்கெட் பிள்ளைகளைக் கண்டால் நிற்காமல் போவதும், முதலில் இறக்கிவிடுவது இந்த உம்மாமாரைத்தான் என்பதும் எந்த நேர அட்டவணையில் எழுதியிருக்கிறது?

பிழை யாருடையது என்று கேட்டால் நீங்கள் அடுத்த அலுவலகத்தைக் காட்டுவீர்கள், அதிலும் நியாயம் உண்டு. கண்டி – குருநாகல் பஸ் மாகாண எல்லையைக் கடப்பதால் அதற்குப் பெர்மிட் கொடுப்பது கொழும்பு. மத்திய மாகாணத்துக்குள்ளேயே நிற்பதற்கு மாகாண அதிகாரம். சிவப்பு பஸ் டிப்போவுக்குச் சொந்தம். தரிப்பில் நிற்கிறவருக்கு மூன்றும் ஒரே பஸ். மூன்றையும் ஒரே அட்டவணையில் கோர்க்கும் முயற்சி 2025 இல் வந்தபோது ஓகஸ்ட்டில் இ.போ.ச. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. கோர்ப்பது லேசான காரியமல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் பொத்துஹெரவிலிருந்து கலகெதர வரை அதிவேக வீதி போடத் திட்டமிடுகிற நாட்டுக்கு இது முடியாதா? அந்தச் சுமார் 32 கிலோமீற்றரை மணிக்கு நூறில் ஓடி இருபது நிமிடத்துக்குள் வந்துவிடலாம். வந்து இறங்குகிறவர் மீதி மூன்று கிலோமீற்றருக்கு எதில் போவார் என்பதை அந்தத் திட்ட வரைபடம் எங்கள் நடராஜா சேர்விஸிடமே ஒப்படைத்திருக்கிறது போலும். அந்த நம்பிக்கைக்கு நன்றி.

புதிய பஸ் கேட்கவில்லை, புதிய வீதியும் கேட்கவில்லை. டவுனில் டைம் கீப்பரின் கையில் ஒரு கொப்பி இருக்கிறது. எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று அதில் எழுதப்படுகிறது. அதில் முதல் நாள் பக்கத்தை, மூன்று வகை பஸ்ஸையும் சேர்த்து, தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு காலையும் தரிப்பில் ஒட்டச் சொல்லுங்கள். பயணிகள் அதைப் பார்த்து பஸ்ஸா, சைக்கிளா, காலா என்று தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். இரண்டு பஸ்ஸுக்கு இடையில் இருபது நிமிடத்துக்கு மேல் போன ஒவ்வொரு இடத்திலும் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்து, கீழே தங்கள் கையொப்பத்தை இட்டருள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
கலகெதரப் பயணி