மெதுவடையும் மைனஸ் குறியும்: விடைத்தாள் திருத்துவோர் நலன் கருதிய ஓர் ஆய்வு

வடை விலை ஏறினால் என்ன ஆகும் என்பதை டீக்கடை பெஞ்சுகள் போதிய அளவு ஆராய்ந்துவிட்டன. அதையே தேர்வில் கேட்டால் வரும் விடைகளை எப்படித் திருத்துவது என்பதே இவ்வாய்வின் பொருள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கற்பனைக் கடையில் வடை 10 ரூபாய்க்கு விற்றபோது நாளொன்றுக்கு 120 போனது. 15 ரூபாய் ஆனதும் 80 ஆகக் குறைந்தது. தேவை நெகிழ்ச்சி என்ன?

முதல் மாணவர் பழைய விலையை அடியாக வைக்கிறார். விலை 50 சதவீதம் ஏற்றம், விற்பனை 33.3 சதவீதம் இறக்கம். விடை -0.67, ஆகவே நெகிழ்ச்சி குறைவு. அடுத்தவர் அதே கணக்கை 15 ரூபாயிலிருந்து 10 ரூபாய்க்கு இறக்கிப் போடுகிறார். விடை -1.5, ஆகவே நெகிழ்ச்சி அதிகம். வடை ஒன்றுதான், கடை ஒன்றுதான்; ஏறும்போது ஒரு குணம், இறங்கும்போது வேறு குணம்!

இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் நடுப்புள்ளி முறை. இரு விலைகளின் சராசரி 12.50, இரு அளவுகளின் சராசரி 100. விலை மாற்றம் 5-ஐ 12.50-ஆல் வகுத்தால் 40 சதவீதம். அளவு மாற்றம் -40-ஐ 100-ஆல் வகுத்தால் -40 சதவீதம். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் விடை -1.

மைனஸ் குறியால் விளையும் சேதம் தனி அத்தியாயத்துக்கு உரியது. -3 என்பது -1-ஐவிடச் சிறியது, ஆகவே நெகிழ்ச்சி குறைவு என்று எழுதும் மாணவர் கணிதத்தில் தேறியவர், பொருளியலில் வழுக்கியவர். விலையும் அளவும் எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன என்பதை மட்டுமே குறி சொல்கிறது. வலுவை அறியக் குறியை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்க வேண்டும். 1890-இல் நூல் எழுதிய ஆல்ஃபிரட் மார்ஷல் தம் சூத்திரத்துக்குள்ளேயே ஒரு மைனஸை வைத்து விடையை நேர்மமாக்கிவிட்டார். தீர்க்கதரிசி.

திருத்துபவருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. விலையை அளவால் பெருக்கினால் போதும். 10 × 120 = 1200; 15 × 80 = 1200. மொத்த வருவாய் அசையவில்லை என்றால் நடுப்புள்ளி விடை -1 ஆகத்தான் இருக்க முடியும். விலை ஏறி வருவாயும் கூடியிருந்தால் எண் ஒன்றுக்குக் கீழே, குறைந்திருந்தால் மேலே. இது தோராயம் அல்ல. இயற்கணிதப்படி இம்மியும் பிசகாது. "-0.67, ஆகவே விலையேற்றத்தால் வருவாய் கூடும்" என்று எழுதிய முதல் மாணவரை இந்த ஒரு பெருக்கலிலேயே பிடித்துவிடலாம்.

ஆனால் "-1, ஆகவே என்ன விலை வைத்தாலும் வருவாய் 1200 தான்" என்ற விடைக்கும் முழு மதிப்பெண் கிடையாது. அந்த -1 இரு முனைகளுக்கு இடையிலான சராசரி மட்டுமே. தேவைக்கோடு நேர்கோடாக இருந்தால் 12.50 ரூபாய்க்கு 100 வடை போகும். கல்லாவில் 1250 விழும். "வருவாய் மாறவில்லை, ஆகவே லாபமும் மாறவில்லை" என்பதும் தவறு. 80 வடைக்கு உளுந்தும் எண்ணெயும் குறைவாகவே செலவாகும் என்பது கடைக்காரருக்குத் தெரியும்.