பக்கம் 3 முதல் 5 வரை

எங்கள் வீட்டுக்காரரிடம் எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "அக்ரிமென்ட்ல இருக்கே சார்."

ஹாலில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டலாமா? அக்ரிமென்ட்டில் இருக்கிறது. மொட்டை மாடியில் வடாம் காயப் போடலாமா? அதுவும் இருக்கிறது. மதுரையிலிருந்து என் மாமனார் வந்து பத்து நாள் தங்கினால் தண்ணீருக்குத் தனியாகக் காசு உண்டா? அதையும் விட்டுவைக்கவில்லை. இருக்கிறது என்பாரே தவிர, என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டார். அவர் முகத்தைப் பார்த்து, கூடாது என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஒரு நாள் வாடகை வாங்க வந்தவர், என் மகள் சுவரில் கிரேயானால் வரைந்திருந்த யானையைக் கண்டார். கொஞ்ச நேரம் நின்று ரசித்தார். பிறகு, "காலி பண்ணும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்குவேன். அக்ரிமென்ட்ல இருக்கே" என்றார். ஒரு மாத வாடகை என்றால் 18,000 ரூபாய். அந்த விலைக்கு யானை அப்படியொன்றும் நன்றாக இல்லை.

அன்றிரவு பீரோவிலிருந்து அக்ரிமென்ட் நகலை எடுத்தேன். அசல் அவரிடம் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்று, "ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துடறேன்" என்று வாங்கிக்கொண்டு போனவர், சொன்னபடி மறுவாரமே ஒரு பழுப்புக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் பக்கம் ஸ்டாம்ப் பேப்பரின் நகல். மற்றவை பச்சைத் தாளின் நகல்கள். பக்கம் 1, 2, 6, 7.

தாள்கள் நீளமானவை. நாலும் சேர்ந்து, மடித்து, பின் அடித்து இருந்தால் ஏழு மாதிரிதான் கனக்கும். பக்க எண்ணை யாரும் பார்ப்பதில்லை. அது அடியில், இரண்டு கையெழுத்துகளுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கும். ஷரத்து எண்தான் காட்டிக்கொடுக்கும். இரண்டாம் பக்கம் 6-ஆவது ஷரத்தின் பாதியில் முடிகிறது. ஆறாம் பக்கம் ஏதோ ஒரு ஷரத்தின் வாலோடு தொடங்கி, அடுத்ததாக 17 என்கிறது. நடுவில் ஒன்பது முழு ஷரத்துகளும் இரண்டு அரை ஷரத்துகளும் காணோம்.

அதைவிடக் கொடுமை, அந்த இரண்டு அரைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுதான். இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியையும் ஆறாம் பக்கத்தின் முதல் வரியையும் சேர்த்து என் மனைவி உரக்கப் படித்தாள்: "வாடகைதாரரும் அவர் குடும்பத்தாரும் மேற்படி வீட்டில்... ஏற்படும் இயல்பான தேய்மானமாகக் கருதப்பட்டு, அதற்காக முன்பணத்தில் பிடித்தம் எதுவும் செய்யப்பட மாட்டாது."

படித்துவிட்டு என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "தப்பா ஒண்ணும் எழுதலையே" என்றாள்.

கையெழுத்துப் போடும் முன் நான் படித்தேனா என்று கேட்பீர்கள். படித்தேன். ஏழு பக்கமும் படித்தேன். மனப்பாடம் செய்யவில்லை, அவ்வளவுதான். அட்வான்ஸ் 54,000 என்பதும் வாடகைத் தேதி ஐந்து என்பதும் நினைவில் நின்றன. பெயின்ட் பற்றி ஏதோ இருந்தது என்பதும் நின்றது. அந்த "ஏதோ"வுக்குத்தான் இப்போது 18,000 விலை.

வாடகை ஒப்பந்தத்தில் தொலையவே கூடாத பக்கங்கள் நடுப்பக்கங்கள்தான். முதல் பக்கத்தில் யார் யாருக்கு, எந்த வீட்டை, என்ன வாடகைக்கு என்று இருக்கும். அது இரு தரப்புக்கும் தெரிந்த சங்கதி. கடைசிப் பக்கத்தில் சாட்சிகள் இருப்பார்கள், அவர்களையும் தெரியும். யார் ரிப்பேர் செய்வது, எவ்வளவு நாள் முன்னால் நோட்டீஸ் கொடுப்பது, அட்வான்ஸில் எதற்குப் பிடிப்பது என்ற வில்லங்கமெல்லாம் நடுவில்தான் குடியிருக்கும். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி, சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, குழாய்க்கு வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் தகராறு என்று வந்தால், "நீங்க ரெண்டு பேரும் என்ன எழுதிக்கிட்டீங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதற்கு விடை நாலாம் பக்கத்தில் இருந்து, நாலாம் பக்கம் ஒருவரிடம் மட்டும் இருந்தால், இன்னொருவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். கைக்கு வராத பக்கத்தில் எதுவும் இருக்கலாம். வடாமும் இருக்கலாம், மாமனாரும் இருக்கலாம்.

போனில் கேட்டேன். "எல்லாப் பக்கமும் குடுத்தேனே சார்" என்றார். இன்னொரு முறை கேட்டேன். "பாத்துச் சொல்றேன்" என்றார். "பாத்துச் சொல்றேன்" என்பது எப்போது முடியும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அதனால் கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று.

முதலில் எழுதியது வக்கீல் நோட்டீஸ் மாதிரி வந்தது. "தாங்கள் வேண்டுமென்றே மறைத்த பக்கங்கள்" என்று ஆரம்பித்திருந்தேன். "மறைச்சார்னு உங்களுக்குத் தெரியுமா? மெஷின்ல தாள் சிக்கியிருக்கலாம். இதைப் படிச்சா மனுஷன் பக்கத்தைத் தர மாட்டார், பால்கனி குழாயைத்தான் மூடுவார்" என்று மனைவி கிழித்துவிட்டாள். அடுத்தது பள்ளிக்கூட விடுப்பு விண்ணப்பம் மாதிரி ஆயிற்று. பக்கங்களைத் தராததற்கு நானே மன்னிப்புக் கேட்டிருந்தேன். அதுவும் குப்பைக்குப் போயிற்று.

பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் பெரியவர் ஒருவரிடம் போனேன். "தம்பி, உங்ககிட்ட என்ன இருக்கு, என்ன இல்லை, இல்லைன்னு எப்படித் தெரியும், இந்த மூணையும் எழுதுங்க. கோபத்தை எழுதாதீங்க" என்றார். அதோடு ஒரு எச்சரிக்கையும் சொன்னார்: "புதுசா அச்சடிச்சுக் குடுத்தா வாங்காதீங்க. டைப் அடிச்ச கடையில ஃபைல் இருக்கும், ரெண்டு நிமிஷத்துல பிரிண்ட் போட்டுடலாம். அதுல நீங்க கையெழுத்துப் போட்ட ஷரத்துதான் இருக்குன்னு யார் சொல்றது? ஒவ்வொரு பக்கத்து அடியிலயும் ரெண்டு பேரும் எதுக்குக் கையெழுத்துப் போடறீங்க? நடுத்தாளை யாரும் மாத்திடக் கூடாதுன்னுதான்." ஸ்டாம்ப் பேப்பரின் பின்பக்க நகலையும் கேட்கச் சொன்னார். என்னுடைய தாளில் விற்பனையாளரின் முத்திரையும் தேதியும் பின்பக்கம்தான் இருந்தன. ஜெராக்ஸ் எடுத்தவர் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் போன கடிதம் இது:

"மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாம் இருவரும் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தத்தின் நகலைத் தாங்கள் கொடுத்தது நினைவிருக்கும். அதில் பக்கம் 1, 2, 6, 7 ஆகியவை என்னிடம் உள்ளன. பக்கம் 3, 4, 5 இல்லை. 6-ஆவது ஷரத்து பாதியில் நிற்கிறது; அடுத்து முழுதாக இருப்பது 17-ஆவது ஷரத்து. நகல் எடுக்கும்போது விடுபட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அசலில் உள்ள அந்த மூன்று பக்கங்களின் நகலை, அடியில் நம் இருவர் கையெழுத்தும் தெரியும்படி, வரும் 20-ஆம் தேதிக்குள் கொடுத்தால் உதவியாக இருக்கும். முதல் பக்க ஸ்டாம்ப் பேப்பரின் பின்புற நகலும் வேண்டும். தங்களுக்குச் சிரமம் என்றால் நானே வந்து, தங்கள் முன்னிலையில் நகல் எடுத்துக்கொண்டு, அசலை உடனே திருப்பித் தருகிறேன். ஜெராக்ஸ் செலவு என்னுடையது.

ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் 15 நாட்களுக்குள் வாடகைதாரரிடம் ஒரு அசல் பிரதி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது தங்களுக்கும் தெரிந்திருக்கும். இப்போதைக்கு முழு நகல் கிடைத்தால் போதும்.

இக்கடிதத்தின் பிரதியில், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு..."

யானையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெயின்ட் பற்றியும் இல்லை. எந்த ஷரத்தைத் தேடுகிறோம் என்று சொன்னால், அந்த ஷரத்து கிடைப்பது கஷ்டமாகிவிடும் என்றார் பெரியவர். "சட்டத்தையும் ஒரு தடவைதான் சொல்லணும். ரெண்டாவது தடவை சொன்னா மிரட்டல்."

வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே படித்தார். "ஜெராக்ஸ் செலவு என்னுடையது" என்ற இடத்தில் முகம் தெளிந்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். 18-ஆம் தேதியே கவர் வந்தது. 3, 4, 5 மூன்றும் இருந்தன.

மூன்றாம் பக்கத்தில் எங்கள் இருவர் கையெழுத்தும். ஐந்தாம் பக்கத்திலும் அப்படியே. நாலாம் பக்கத்தில் மட்டும், அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்து இல்லை. மேல் போர்ஷன்காரருடையது இருந்தது.

ஷரத்து எண்கள் சரியாகத்தான் தொடர்ந்தன. ஒரே கடையில், ஒரே ஃபைலில், அங்கங்கே தொகையை மட்டும் மாற்றி அடித்தவை அந்த இரண்டு ஒப்பந்தங்களும். இரண்டையும் ஒன்றாக ஜெராக்ஸுக்குக் கொடுத்திருக்கிறார். கடையில் தாள்கள் கலந்துவிட்டன. அந்த நாலாம் பக்கத்தில் 11-ஆவது ஷரத்து தெளிவாகச் சொன்னது: காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம்.

தாளை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். மேல் போர்ஷன்காரர் தன் பழுப்புக் கவரைக் கொட்டினார். அவருக்கு எல்லாப் பக்கமும் இருந்தன. நாலாம் பக்கத்தில் மட்டும் என் கையெழுத்து இருந்தது. அவர் இத்தனை நாளும் கவனிக்கவில்லை. என் 11-ஆவது ஷரத்து, அரை மாத வாடகைக்கு மேல் பிடிக்கக் கூடாது என்றது. அதாவது 9,000 ரூபாய். அட்வான்ஸ் பேசிய அன்று அரை மணி நேரம் வாதாடி அந்த "அரை"யைச் சேர்க்கச் சொன்னது, அதன் பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மேல் போர்ஷன்காரர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். "உங்களுக்கு மட்டும் அரையா?" என்றார். அன்றிலிருந்து எனக்கு மாடியில் வடாம் காயப் போட இடம் கிடைப்பதில்லை. அது வேறு கதை.

பெயின்டிங் விஷயத்தில் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு ஆறுதல். அவர் சொன்னது அக்ரிமென்ட்டில் இருந்தது. யார் அக்ரிமென்ட் என்பதில்தான் குழப்பம். இரண்டு தாள்களையும் அவர் எதிரிலேயே மாற்றிக்கொண்டோம். மற்றவற்றையும் தேடிப் பார்த்தேன். ஆணி இருந்தது, அனுமதி பெற்று அடிக்கலாம். வடாம் இல்லை. மாமனாரும் இல்லை.

போன வாரம் மோட்டார் ரிப்பேருக்கு யார் பணம் கொடுப்பது என்று பேச்சு வந்தது. வீட்டுக்காரர் வழக்கம்போல, "அக்ரிமென்ட்ல இருக்கே..." என்று ஆரம்பித்தார். நான் பீரோ பக்கம் திரும்பினேன்.

"அஞ்சாம் பக்கம், பதினாலு" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டு, "நான்தான் குடுக்கணும்" என்றார்.