முதல் பொங்கலும் முழுப் பக்க டைரியும்: புது ஊருக்கு வந்த இளந்தாய்களுக்கு ஒரு வழிகாட்டி

கணவருக்கு அறந்தாங்கிக்கு மாற்றல். இடுப்பில் எட்டு மாதப் பாப்பா. பால் காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவி வைப்பதற்குள் பொங்கல் வந்துவிட்டது. அம்மா ஒரு ஊரில், மாமியார் இன்னொரு ஊரில். கேள்வி கேட்க ஆளில்லை. இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி அமையாது. கீழே உள்ளபடி செய்தால் வாசல் எப்படிப் போனாலும் டைரி ஜொலிக்கும். நீங்கள் ஏற்கெனவே பாதியைச் செய்துகொண்டுதான் இருப்பீர்கள். மீதியையும் முறையாகச் செய்துவிடுவோம்.

1. டைரியை முதலில் எழுதுங்கள்

மளிகைக்கடையில் கொடுத்த டைரியை எடுங்கள். 2025 ஜனவரி 14, செவ்வாய். குரோதி வருடம், தை 1. எமகண்டம் 9 முதல் 10.30, ராகு காலம் 3 முதல் 4.30. இவ்வளவையும் அச்சிட்டவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மீதியை நீங்கள் போகியன்று மதியம், பாப்பா தூங்கும்போது எழுதிவிடுங்கள். நடந்த பிறகு எழுதினால் நடந்தது குறுக்கே வரும்.

“விடியலில் எழுந்து வாசல் நிறையக் கோலமிட்டேன். தெருவே நின்று பார்த்தது. பாப்பா கைதட்டிச் சிரித்தாள்.”

அருமை. மூன்று வரியும் நடக்கப் போவதில்லை என்பது இந்த வழிகாட்டியின் உத்தரவாதம்.

2. வாசலை அளக்காதீர்கள்

கோலப் புத்தகத்தைத் திறந்து, 15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8-ல் நிறுத்தவும் என்று போட்டிருக்கும் தாமரையைத் தேர்ந்தெடுங்கள். மொத்தம் 169 புள்ளி. உங்கள் வாசல் சிமெண்ட் தரை அகலத்தில் நாலரை அடி, தெருப் பக்கமாக நாலடி. இந்தக் கணக்கு உங்களுக்கு வேண்டாம். அம்மா வீட்டு வாசலை நினைத்துக்கொண்டு, புள்ளிக்குப் புள்ளி நான்கு விரற்கடை, அதாவது 3 அங்குலம் விடுங்கள்.

என்ன ஆகும் என்று ஆசைக்காகச் சொல்லி வைக்கிறேன். 15 புள்ளிக்கு இடையில் 14 இடைவெளி. 14-ஐ 3-ஆல் பெருக்கினால் 42 அங்குலம், மூன்றரை அடி. வெளி இதழ்களையும் கரைக் கோட்டையும் சேர்த்தால் சுவருக்குச் சுவர். இடுக்குப் புள்ளியில் வரிசைகள் கொஞ்சம் நெருங்கி வரும் என்பதால் தெருப் பக்கமாக மூன்றடி, கரையோடு மூன்றரை. காலையில் மூன்று செங்கல் அடுப்பும் பானையும் வைக்க இரண்டடியாவது வேண்டும். உங்களிடம் மிஞ்சுவது அரையடி.

இரண்டு அங்குல இடைவெளி விட்டிருந்தால் அதே தாமரை 28 அங்குலத்தில் முடிந்திருக்கும். கரைக் கோட்டை விட்டுவிட்டால் தெருப் பக்கமாக இரண்டடிதான் பிடித்திருக்கும். அடுப்புக்குச் சரியாக இரண்டடி மிஞ்சியிருக்கும். ஆனால் 28 அங்குலக் கோலத்தை டைரியில் “வாசல் நிறைய” என்று எழுத முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

3. தரையைக் குளமாக்குங்கள், அல்லது காய விடுங்கள்

வாசல் தெளித்துப் பெருக்கி, நீர் உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு, உள்ளங்கையை வைத்தால் ஈரம் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில்தான் மாவு நிற்கும். அந்தப் பதம் வரும் நேரத்தில் அம்மாவுக்குப் போன் போடுங்கள். பேசி முடித்து வந்தால் சிமெண்ட் மொரமொரவென்று காய்ந்திருக்கும், ஒரு ஸ்கூட்டி போனால் பாதித் தாமரை அதன் பின்னாலேயே போகும். அவசரப்பட்டு இன்னொரு வாளி ஊற்றி, நீர் நிற்கும்போதே கோடு இழுங்கள். கோடு கஞ்சியாகப் படரும்.

மாவு? தெருவில் கூவிக்கொண்டு வருபவரிடம் வாங்கும் வெள்ளைக்கல் மாவு கனமாக இருக்கும், விரலிடுக்கில் சீராக இறங்கும். அதில் ஒரு பங்கு பச்சரிசி மாவு கலந்தால் எறும்புக்கும் ஏதாவது கிடைக்கும். நீங்கள் அடுக்களை டப்பாவில் இருக்கும் நைசான இடியாப்ப மாவை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். வியர்த்த விரலில் அது உருண்டைகட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் உரசினால் போதும் என்று யாராவது சொன்னால், ஐந்து விரலாலும் அள்ளுங்கள்.

4. ஓரத்திலிருந்து தொடங்குங்கள்

இதுதான் முக்கியமான பாடம், கவனியுங்கள். நடு வரிசையில் 15 புள்ளியை நேராக வைத்துவிட்டால் அடுத்த வரிசையின் ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் தயாராக இருக்கும். இரண்டு புள்ளிக்கு நடுவே விழ வேண்டியதுதான். 14, 13, 12 என்று மேலே போனாலும் கீழே வந்தாலும் கை தானாகப் போகும். அதனால்தான் அதைச் செய்யக் கூடாது.

கீழே 8 புள்ளியிலிருந்து ஆரம்பியுங்கள். ஒன்பது வைக்கும்போது நடுவில் ஏழுக்கு இடம் கிடைக்கும், இரு கோடியிலும் உள்ள ஒவ்வொன்றுக்கும் துணை இருக்காது. கண்ணளவில் வைப்பீர்கள். பத்தில் மறுபடி இரண்டு. பதினைந்துக்கு வரும்போது வலப்பக்கம் வாய்க்காலை நோக்கி நடந்திருக்கும். தெருவிளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்கார்ந்தால் உங்கள் நிழலே உங்கள் வேலையை மறைத்துவிடும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மூலையில் குனிந்து சாய்வாகப் பாருங்கள். இடுக்குப் புள்ளிகள் குறுக்காக ஒரு வரிசை, இருபுறச் சாய்விலும் ஒவ்வொரு வரிசை என மூன்று திசையிலும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். எங்காவது வளைந்தால் அங்கே ஓர் இதழ் கோணும். பார்க்காமலிருப்பது உத்தமம்.

5. எதிர்வீட்டு அக்காவிடம் கேட்காதீர்கள்

அவர் முப்பது வருடமாக இந்தத் தெருவில் கோலம் போடுகிறார். எந்த நேரத்தில் பால்காரர் வருவார், எந்தப் பக்கம் தண்ணீர் ஓடும், எந்த மாடு எந்த வாசலை மிதிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. போகியன்று இரவு எட்டரைக்கு உங்கள் எட்டுப் புள்ளியைப் பார்த்துவிட்டு வந்து நிற்பார்.

“ஏந்தாயி, நடுவுலேர்ந்து வச்சா என்ன?”

“எங்க ஊர்ல இப்படித்தான்க்கா.”

இந்தப் பதிலை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் “புள்ளையக் குடு, நான் வச்சிருக்கேன்” என்பார். அதையும் மறுத்துவிடுங்கள். பாப்பாவை அவர் வாங்கிக்கொண்டால் உங்கள் கை இரண்டும் சும்மா ஆகிவிடும், கோலம் நன்றாக வந்துவிடும் ஆபத்து உண்டு.

6. வண்ணத்தில் உப்பைக் கொட்டுங்கள்

கலர்ப் பொடி விலை அதிகம். மணலிலோ கல் மாவிலோ கலந்து பெருக்கலாம். நீங்கள் கல்லுப்பில் கலந்துவிடுங்கள். இரவு போட்டு முடித்ததும் பளபளவென்று இருக்கும், படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிடலாம். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதும், தையில் பின்னிரவுப் பனி இருக்கும் என்பதும் காலையில் தெரிந்தால் போதும். சிவப்பு பச்சைக்குள் ஊறும், பச்சை மஞ்சளுக்குள் ஊறும், தாமரைக்குக் கண்ணீர் வரும்.

கலர்க் கிண்ணங்களைப் பாப்பா தவழும் உயரத்தில் வரிசையாக வையுங்கள். வாசற்படியில் வைப்பது நல்லது. அந்தச் சாயம் வாய்க்குப் போகக் கூடாதது. அதனால் அடுத்த அரைமணி நேரம் கோலம் நிற்கும், விரல் துடைப்பதும் முழங்கால் கழுவுவதும் நடக்கும். உள்ளேயிருந்து வெளியே நிரப்பினால் போட்டதை மிதிக்க வேண்டியிராது. நீங்கள் வெளியேயிருந்து உள்ளே வாருங்கள், நைட்டி ஓரம் துணைக்கு வரும்.

7. போகாத இடத்துக்குப் போனதாக எழுதுங்கள்

அந்த வருடம் போகியன்றே மார்கழித் திருவாதிரை. பௌர்ணமியும் கூட. அறந்தாங்கியிலிருந்து பஸ் ஏறினால் சுமார் 14 கிலோமீட்டரில் ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகர் தொடர்புடைய கோயில். கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும்தான். வடித்த புழுங்கலரிசிச் சோற்றை ஆவி பறக்கப் பரப்பி, கீரையும் பாகற்காயும் வைத்துப் படைக்கிறார்கள். சுவாமிக்கு ஆவியே நைவேத்தியம். உருவமே இல்லாமல் ஒரு திருவிழா நடக்கும் ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு புள்ளி பிசகியதற்காக நீங்கள் அழுதுகொண்டிருப்பதை டைரியில் எழுத வேண்டாம். “மாலையில் ஆவுடையார்கோயில், திவ்ய தரிசனம்” என்று எழுதுங்கள். கணவரிடம் மட்டும் சொல்லி வையுங்கள், மாமியார் போனில் விசாரிப்பார்.

8. காலையில் அடுப்பை வையுங்கள்

அரையடியில் மூன்று செங்கல் நிற்காது. ஆகவே தாமரையின் தெற்கு இதழ்கள் மூன்றின்மேல் வையுங்கள். பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டி, பால் பொங்கி வழிந்து, வழிந்தது ஊறிய சிவப்பிலும் பச்சையிலும் ஓடும்போது “பொங்கலோ பொங்கல்” சொல்லுங்கள். தெரு நின்று பார்க்கும். டைரியில் ஒரு வரி பலித்துவிட்டது.

எமகண்டம் தொடங்குமுன் முடித்தாக வேண்டும் என்பதால் சுள்ளியை அதிகமாகத் திணியுங்கள். புகையில் பாப்பா வீறிடுவாள். அப்போது எதிர்வீட்டு அக்கா கேட்காமலே வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அரைமணி கழித்து அவர் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலை உதட்டில் அப்பிக்கொண்டு பாப்பா கைதட்டுவாள். இதை எழுதலாமா? கூடாது. அவர் வீட்டில் தட்டினாள் என்று ஆகிவிடும். ஏற்கெனவே எழுதியிருக்கும் “பாப்பா கைதட்டிச் சிரித்தாள்” அப்படியே இருக்கட்டும், இடத்தைக் குறிப்பிடாதீர்கள்.

9. அடுத்த வருடத்துக்குத் தயாராகுங்கள்

மத்தியானம், ராகு காலத்துக்கு முன்னால், கோலப் புத்தகத்தில் 21 புள்ளி, 11-ல் நிறுத்தும் மயிலைத் தேடி மடித்து வையுங்கள். அதே 3 அங்குலம் விட்டால் இருபது இடைவெளிக்கு ஐந்தடி. வாசல் இன்னும் நாலரை அடிதான். அக்கா வீட்டு வாசல் ஆறடி என்பதால், அவர் போட்டால் சரியாக இருக்குமே என்று ஒரு நினைப்பு வரும். அதைக் கேட்கத் தெருவைத் தாண்டாதீர்கள். பாப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்றால், கணவரை அனுப்புங்கள்.