மேடம் வீட்டு குமாஸ்தா

என் மனைவி ஒரு பொறியியல் கல்லூரியில் வேதிப் பொறியியல் பேராசிரியை. நான் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் கையெழுத்துக்காக ஒரு காலத்தில் ஆட்கள் வராந்தாவில் காத்திருந்தார்கள். இப்போது நான் அடுப்படி வாசலில் மடிக்கணினியோடு காத்திருக்கிறேன். மேற்படிப்புக்கு வெளிநாடு போகும் மாணவர்கள் பரிந்துரைக் கடிதம் கேட்டு அனுப்பும் மெயில்களை மேடத்துக்கு வாசித்துக் காட்டுவதுதான் ஓய்வுக்குப் பின் எனக்குக் கிடைத்த உத்தியோகம். அக்டோபர், நவம்பர் இரண்டு மாதம் மட்டும். சம்பளம் இல்லை, திட்டு உண்டு.

பரிந்துரைக் கடிதத்தைப் பிள்ளைகள் ‘எல்.ஓ.ஆர்.’ என்கிறார்கள். பெரும்பாலான மெயில்கள் ஒரே அச்சில் இருக்கும். “மதிப்பிற்குரிய மேடம், நான் உங்கள் மாணவன். அவசரமாக எல்.ஓ.ஆர். வேண்டும். நாளை கடைசி நாள். கருணை கூர்ந்து உதவவும்.” எந்த வருஷத்து மாணவன், என்ன பாடம் படித்தான், எங்கே போகிறான், ஒன்றும் இருக்காது. கீழே பெயர் மட்டும் இருக்கும். அந்தப் பெயரில் அவள் நாலு பேருக்காவது பாடம் நடத்தியிருப்பாள்.

“ஏங்க, இது யாருன்னு உங்களுக்குத் தெரியுதா?” என்பாள், அவனுக்கு நான்தான் வகுப்பு எடுத்தவன் மாதிரி.

இன்னும் சிலர் கேட்பதே இல்லை. விண்ணப்பத்தில் இவள் பெயரையும் மெயில் முகவரியையும் போட்டுவிடுவார்கள். உடனே பல்கலைக்கழகத்தின் போர்ட்டலிலிருந்து ‘கடிதத்தை ஏற்றவும்’ என்று லிங்க் வந்து நிற்கும். மாப்பிள்ளையைக் கேட்காமலே பத்திரிகை அடித்த கதை.

போன வருஷம் அக்டோபர் 20 வாக்கில் ஒரு மெயில் வந்தது. வாசிக்க ஆரம்பித்த என்னைப் பாதியில் நிறுத்தி, “முதல்லேருந்து படிங்க” என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவள் இரண்டாம் முறை கேட்டதில்லை. ஆங்கிலத்தில் வந்த அதைத் தமிழில் தருகிறேன்:

“வணக்கம் மேடம். 2020–24 பேட்ச், பி பிரிவு மாணவன் நான். மூன்றாம் ஆண்டில் உங்களிடம் நிறைமாற்றம் படித்து ‘ஏ பிளஸ்’ வாங்கினேன். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கும் நீங்கள்தான் வழிகாட்டி: தேங்காய்ச் சிரட்டைக் கரியால் சாயக்கழிவு நீரிலிருந்து நிறத்தை நீக்குவது. மூன்று பேர் குழுவில் சோதனைகளும் கணக்கும் என் பங்கு. முதலில் எடுத்த அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. தண்ணீரின் பிஎச் ஒவ்வொரு முறையும் மாறியதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். ஒத்துவராத அளவுகளையும் நோட்டில் விட்டுவைக்கச் சொன்னீர்கள்.

“இப்போது ஒரு மருந்து ஆலையில் கழிவுநீர்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.எஸ். படிக்க அமெரிக்காவில் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். எனக்காக அழுத்தமான பரிந்துரை எழுத உங்களால் முடியுமா? நேரமில்லை என்றாலோ, என்னைப் பற்றி எழுத அவ்வளவு இல்லை என்று தோன்றினாலோ தயங்காமல் சொல்லுங்கள். வேறொருவரைக் கேட்டுக்கொள்ள எனக்கு அவகாசம் இருக்கிறது.

“முதல் கடைசி நாள் டிசம்பர் 1, மற்றவை டிசம்பர் 15. நவம்பர் 24-க்குள் முடிந்தால் நல்லது. நீங்கள் சம்மதித்த பிறகுதான் போர்ட்டலில் உங்கள் பெயரைக் கொடுப்பேன். கல்லூரி மெயில் முகவரியையே கொடுக்கலாமா? மதிப்பெண் பட்டியல், ரெஸ்யூமே, எஸ்.ஓ.பி. வரைவு, ஐந்து இடங்களின் பெயரும் தேதியும் உள்ள ஒரு பக்க அட்டவணை இணைத்திருக்கிறேன். நவம்பர் 17 அன்று ஒருமுறை நினைவூட்டலாமா?”

இவ்வளவுதான். ‘பொற்பாதம்’ இல்லை, ‘என் வாழ்க்கையே உங்கள் கையில்’ இல்லை.

“பிஎச் பையன்!” என்றாள் மேடம். முகம் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கோ அதில் ஒரு சந்தேகம். தப்பாக வந்த அளவுகளைப் பற்றி எவனாவது தானே எழுதுவானா? நான் அலுவலகத்தில் அப்படி ஒரு கோப்பை மேலே அனுப்பியிருந்தால் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கும்.

அவள் விளக்கினாள். மதிப்பெண் பல்கலைக்கழகத்தாருக்குப் பட்டியலிலேயே தெரியும். அதையே கடிதத்தில் திருப்பிச் சொல்லிப் பயனில்லை. கணக்கு உதைத்தபோது அவன் என்ன செய்தான் என்பது பட்டியலில் இருக்காது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுதினால்தான் அது பரிந்துரை. வகுப்பில் மட்டும் பார்த்த பிள்ளைக்கு ‘ஒழுங்காக வந்தான், நன்றாகப் படித்தான்’ என்பதற்கு மேல் எழுத முடியாது; அந்த மாதிரிக் கடிதம் போவதும் ஒன்று, போகாமலிருப்பதும் ஒன்று. அதனால்தான் மறுப்பதற்கும் அவன் வழி வைத்தது அவளுக்குப் பிடித்திருந்தது. கடிதத்தோடு போர்ட்டலில் ஒரு கட்டமும் நிரப்ப வேண்டும்: ஆராய்ச்சித் திறன், எழுத்து, குழுவேலை ஒவ்வொன்றிலும் இவன் மேல் 5 சதவீதமா, 10 சதவீதமா, 25-ஆ என்று. ஆளே நினைவில்லாவிட்டால் அங்கே கை ஓடாது.

தேதிக்கும் கணக்கு இருக்கிறது. நவம்பரில் செய்முறைத் தேர்வு, பிறகு செமஸ்டர் தேர்வு, அதன் வாலாக விடைத்தாள் திருத்தும் கேம்ப். ஒரு நல்ல கடிதத்துக்கு ஒரு மாலை முழுசாக வேண்டும். அந்த ஒரு மாலை கிடைக்க நாலு வாரம் வேண்டும். கடைசி நாளையும் மறைக்காமல் சொல்லி, அதற்கு ஒரு வாரம் முன்னால் வேண்டும் என்றும் கேட்டிருந்தான் அவன். சிலர் டிசம்பர் 15-ஐ நவம்பர் 15 என்று பொய் சொல்வார்கள். போர்ட்டல் அனுப்பும் மெயிலிலேயே பெரும்பாலும் உண்மைத் தேதி இருக்கும், பாவம்.

“கடிதத்தை நான் டிராஃப்ட் பண்ணட்டுமா?” என்று ஆசையாகக் கேட்டேன். முப்பது வருஷ டிராஃப்டிங் அனுபவம், சும்மாவா? “இவரது நடத்தையும் பண்பும் எனக்குத் தெரிந்தவரை நன்று” என்று தொடங்கினேன். அது நன்னடத்தைச் சான்றிதழ் என்று சொல்லி அடித்துவிட்டாள். பல கல்லூரிகளில் ‘நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்’ என்பது வழக்கம். இவள் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. எஸ்.ஓ.பி.யும் பரிந்துரையும் ஒரே கையின் ஆங்கிலத்தில் இருந்தால், நூற்றுக்கணக்கில் படிப்பவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்களாம்.

கடிதத்தைப் பையன் பார்க்கவும் முடியாது. அமெரிக்காவில் 1974-ல் வந்த ‘ஃபெர்பா’ சட்டம், சேர்ந்த மாணவர் தன் ஆவணங்களைப் பார்க்க உரிமை தருகிறது. விண்ணப்பத்தில் ‘அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்’ என்ற பெட்டியில் டிக் செய்பவர்களே அதிகம். எழுதுபவர் மனம் விட்டு எழுதியிருக்கிறார் என்று படிப்பவர் நம்புவதற்காக. அவன் டிக் செய்திருந்தான். என் மனைவி என்னைப் பற்றித் தன் தங்கையிடம் பேசும்போது இந்தப் பெட்டியை நானும் எப்போதோ டிக் செய்துவிட்டேன்.

நவம்பர் 17 அன்று சொன்னபடி இரண்டு வரி நினைவூட்டல் வந்தது. ஒரு லிங்க் ஸ்பாமில் கிடந்ததும் அதனால்தான் தெரிந்தது. 22-ந் தேதி ஐந்தும் ஏறின. ஒவ்வொரு கடிதத்திலும் சரியான பல்கலைக்கழகத்தின் பெயர்தானா என்று பார்ப்பது என் பொறுப்பு. அதில் மட்டும் என்னை நம்புகிறாள்.

பிள்ளைகளே, கேட்பதைத் தீபாவளி பலகாரம் தீர்வதற்குள் கேளுங்கள். பேட்ச், பாடம், ப்ராஜெக்ட், இடம், தேதி எல்லாம் எழுதுங்கள். நவம்பர் கடைசியில் “நாளை கடைசி நாள்” என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு மெயிலுக்கும் அன்றைய இரவுச் சமையல் என் தலையில் விழுகிறது.