பெஞ்சும் திரையும்

என் அப்பாவின் சலூனில் இரண்டு நாற்காலிகள், ஒரு மர பெஞ்சு, தினத்தந்தி, ஒரு வானொலிப் பெட்டி. முன்பதிவு என்ற பேச்சே கிடையாது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் பெஞ்சு நிறைந்து ஆட்கள் வாசலில் நிற்பார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் முடிவெட்ட வராத கார்த்திகை, மார்கழியில் கடை காற்று வாங்கும். அவர்கள் மலையிறங்கியதும் தை முதல் வாரத்தில் நெரிசல்.

நான் பின்னாளில் வேலை பார்த்த பெரிய சலூனில் டோக்கன் உண்டு, எண் ஒளிரும் திரை உண்டு, குளிர்சாதனமும் மெத்தை இருக்கையும் உண்டு. கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களை அங்கேதான் அதிகம் பார்த்தேன். ‘12’ என்ற எண் தனக்கு முன்னால் எத்தனை பேர் என்பதைச் சொல்லும், எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லாது. முன்னால் இருக்கும் மூவரும் சவரத்துக்கு வந்தவர்களா, தலைக்குச் சாயம் பூச வந்தவர்களா என்பது எண்ணில் இல்லையே.

அப்பா வாசலிலேயே கேட்பார்: “கட்டிங்கா, ஷேவிங்கா?” அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. ஒரு ஞாயிறு காலையை எடுத்துக்கொள்வோம். முதல் நாற்காலியில் வேலை முடிய 10 நிமிடம், இரண்டாவதில் 25 நிமிடம். பெஞ்சில் மூன்று பேர்: ஒருவருக்குக் கட்டிங், 25 நிமிடம், அடுத்தவருக்குக் கட்டிங்கும் ஷேவிங்கும், 40, மூன்றாவது ஒரு சிறுவன், 20. அப்போது நான்காவதாக ஒருவர் வருகிறார். எல்லா நிமிடங்களையும் கூட்டினால் 120, இரண்டு நாற்காலிக்குப் பங்கிட்டால் 60. நாற்காலி நாற்காலியாகப் பார்த்தால் முதல் நாற்காலி 10ஆவது நிமிடத்தில் காலியாகி, கட்டிங்கையும் சிறுவனையும் முடித்து 55ஆவது நிமிடத்தில் அவருக்குக் கிடைக்கும். அப்பா “ஒரு மணி நேரம் ஆகும் தம்பி” என்பார். ஐந்து நிமிடம் முன்னாலேயே கூப்பிட்டால் வந்தவருக்கு மகிழ்ச்சி. “அரை மணிதான்” என்று சொல்லி உட்காரவைத்தால் 31ஆவது நிமிடத்திலிருந்து அவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்.

சாயத்தில் ஒரு சிக்கல் உண்டு. பூசியபின் அது பிடிக்க அரை மணி நேரம் வரை ஆகும். பூசிக்கொண்டவரைப் பெஞ்சுக்கு மாற்றிவிட்டு நாற்காலியில் வேறொருவரை உட்கார வைக்கலாம்; ஆனால் அலசுவதற்கு அவர் திரும்ப வருவார் என்பதைக் கணக்கில் வைக்காவிட்டால் சொன்ன நேரம் முழுவதும் தவறிப்போகும்.

நிமிடத்தைவிடப் பெரிய எரிச்சல், பின்னால் வந்தவர் முன்னால் போவது. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும் நியாயமில்லாததாகப் படும் காத்திருப்பும் கூடுதல் நீளமாகத் தோன்றும் என்று மேலாண்மை ஆய்வாளர் டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதினார். பெரிய சலூனில் நடந்தது அதுதான். முன்பதிவு செய்தவர் அப்போதுதான் உள்ளே நுழைவார், நேராக நாற்காலிக்குப் போவார். ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருப்பவருக்கு அது குறுக்கே புகுந்ததாகவே தெரியும். அவரைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அப்பாவும் சில நேரம் வரிசையை மாற்றுவார். ஷேவிங் மட்டும் என்று ஒருவர் அவசரமாக வந்தால், முதலில் இருப்பவரிடம் எல்லோருக்கும் கேட்கும்படி, “அண்ணே, இவருக்குப் பத்து நிமிஷ வேலைதான், பஸ்ஸுக்குப் போகணுமாம். விட்டுரட்டுமா?” என்பார். “வேணாம்” என்று அவர் சொன்னால் விடமாட்டார். அனுமதி கேட்டதாலேயே பெரும்பாலும் தலையசைப்பார்கள்.

இன்று என் கடையில் மூன்று நாற்காலிகள். ஒன்று முன்பதிவுக்கு, இரண்டு நேரில் வருபவர்களுக்கு. அதைக் கண்ணாடியிலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். மூன்றையும் முன்பதிவுக்கே கொடுத்தால் ஒருவர் தாமதித்தாலும் அன்றைய நாள் முழுவதும் சரியும். முன்பதிவு செய்தவருக்குப் பத்து நிமிடம் பொறுப்போம். பிறகு அந்த இடைவெளியில் அடங்கும் வேலை உள்ளவரை, வரிசைப்படி, உட்கார வைப்போம். 20 நிமிடம் இருந்தால் ஷேவிங் அடங்கும், கட்டிங் அடங்காது. ஏன் அவரைக் கூப்பிட்டோம் என்று மற்றவர்களிடமும் சொல்லிவிடுவோம்.

காத்திருக்க முடியாதவர் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போகலாம். அவர் முறைக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் அழைப்போம். நேரத்துக்கு வராவிட்டால் அடுத்தவருக்கு நாற்காலி, வந்ததும் அதற்கடுத்த இடம் அவருக்கு. வரிசையின் கடைசிக்கு அனுப்பினால் மறுமுறை யாரும் நம்பி வெளியே போகமாட்டார்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள் இதில் எதுவும் ஓடாது. அன்று முன்பதிவையே நிறுத்திவிடுவோம். கணக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால், “சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்கண்ணே, பேரை எழுதிக்கிறேன்” என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும், பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தால் அடுத்த மாதமும் வந்திருக்கமாட்டார்கள்.