‘வருவாரா?’ எனும் வினாவும் ‘வர வாய்ப்புண்டு’ எனும் விடையும்: காஞ்சி மாநகரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்

காஞ்சிபுரத்தில் ஜாதகமும் கையுமாகத் திரிவோர் இருவகைப்படுவர். முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த இடத்தில் நல்ல நாளும் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் முதல் வகை. முகூர்த்தம் வரை போகாமலே முறிந்த காதலைச் சுமந்து வருகிறவர்கள் இரண்டாம் வகை. முதல் வகையினருக்குப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் ரசீது போட்டுக் கணக்கு வைத்திருக்கின்றன. இரண்டாம் வகையினரை எந்தப் பல்கலைக்கழகமும் சீண்டவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. அகத்திணையில் ஒருவர் பெயர் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பிய மரபாதலால், சம்பந்தப்பட்டவர்கள் இங்கே தலைவி, தலைவன் என்றே குறிக்கப்படுவர்.

முன்னாய்வுகள்

இத்துறையின் மூத்த களப்பணி முல்லைப்பாட்டில் உள்ளது. போருக்குப் போன தலைவன் வருவானா என்று அறிய, முதிய பெண்டிர் நாழியில் நெல்லும் முல்லைப் பூவும் கொண்டு ஊர்ப்புறத்தில் விரிச்சி கேட்கப் போகிறார்கள். அங்கே ஓர் இடைப்பெண், தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம் உன் அம்மா இப்போதே வந்துவிடுவாள் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெண்டிர் அதைத் தலைவிக்குச் சொன்ன பதிலாக எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். ஆய்வாளர் கவனிக்க வேண்டியவை இரண்டு. சொன்னவளுக்குக் கேள்வியே தெரியாது. பதிலில் தேதியும் கிடையாது. இவ்விரு பண்புகளும் இன்றுவரை பழுதுபடாமல் காக்கப்பட்டு வருகின்றன.

சான்று ஆய்வு: ஒரு மாலை

பிள்ளையார்பாளையத்துச் சந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டில் தறி ஓடும் சத்தம். திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலி, பாம்புப் பஞ்சாங்கம், செல்போனில் ஜாதகக் கட்டம்.

“வருவாரா ஐயா?”

“ஒண்ணுலேர்ந்து இருநூத்து நாப்பத்தொன்பதுக்குள்ள மனசுல தோணுற நம்பர் சொல்லும்மா.”

இந்த 249 சும்மா வந்த எண் அன்று. கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி வகுத்த பத்ததியில் 27 நட்சத்திரங்களும் ஒவ்வொன்றும் ஒன்பது உட்பிரிவாகி 243 ஆகின்றன. அவற்றுள் ஆறு, இரண்டு ராசிகளின் எல்லையில் விழுந்து வெட்டுப்படுவதால் 249 ஆகிறது. தலைவி சொல்லும் எண்ணே லக்னம். பிறகு ஏழாம் பாவத்தின் உப நட்சத்திராதிபதியைப் பிடிப்பார்கள். அக்கிரகம் 2, 7, 11 ஆகிய வீடுகளைக் காட்டினால் சேர்க்கை. அவை ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டாவதான 1, 6, 10 ஆகியவற்றைக் காட்டினால் பிரிவு.

இதுவரை விதி கத்தி மாதிரிக் கூராக இருக்கிறது. மழுங்குவது அடுத்த படியில்தான். ஒரு கிரகம் தான் நின்ற வீட்டையும் காட்டும், தான் ஆளும் வீடுகளையும் காட்டும், தன் நட்சத்திரநாதன் நின்ற வீட்டையும் அவன் ஆளும் வீடுகளையும் காட்டும். நம் தலைவிக்குச் சுக்கிரன் வந்தான் என்று வைத்துக்கொள்வோம். அவன் நிற்பது ஆறில், அவன் நட்சத்திரநாதன் இருப்பது பதினொன்றில். நட்சத்திரநாதனுக்கே வலு அதிகம் என்பதால் வருவார். ஆறாம் வீடும் ஒட்டிக்கொண்டிருப்பதால் தடை உண்டு. ஆக விடை: “வருவாரும்மா, கொஞ்சம் இழுபறிக்கு அப்புறம்.” இரண்டு பட்டியலிலும் கால் வைக்காத கிரகம் கிடைப்பது அரிது. அதனால் இழுபறி இல்லாத விடையும் அரிது.

வக்ரம் இன்னும் சுவையானது. சுக்கிரன் ஏறத்தாழ பத்தொன்பது மாதத்துக்கு ஒருமுறை, ஆறு வாரம் பின்னோக்கிச் செல்வதுபோல் தெரிவான். 2025-இல் மார்ச் தொடக்கம் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை அப்படித் தெரிந்தான். பழைய காதல் திரும்பும் காலம் அது என்பது ஒரு சாரார் கட்சி. பிரசன்னத்தில் வக்ர கிரகத்தின் நட்சத்திரத் தொடர்பு வந்தால் காரியம் நடவாது என்பது பத்ததிக்காரர் கட்சி. ஒரே ஆறு வாரம், நேரெதிரான இரண்டு தீர்ப்புகள்.

எண்கணித ஆதாரம்

தலைவி பிறந்தது 24-11-1998. பிறவி எண் 6, மொத்தக் கூட்டு எண் 8. தலைவன் 17-5-1996. பிறவி எண் 8, கூட்டு எண் 2. இவளுடைய 8-உம் அவனுடைய 8-உம் சந்திக்கின்றன. ஒரே எண் ஒன்றையொன்று இழுக்கும் என்றும் சொல்லலாம், எட்டுக்கு எட்டு ஆகாது என்றும் சொல்லலாம். இரண்டும் புழக்கத்தில் உள்ள வாக்கியங்களே. இதோடு பெயர் எண்ணும் சேர்ந்தால் ஆளுக்கு மூன்று எண், ஒப்பிட ஒன்பது ஜோடி. ஒன்பதில் ஒன்றாவது நட்பாகவும் ஒன்றாவது பகையாகவும் வாய்க்காமல் போவது கடினம். எல்லாமே பகையானால், ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

கால நிர்ணயம்

‘எப்போது?’ என்று தலைவி விடாமல் கேட்டால், “சனிப்பெயர்ச்சிக்கு அப்புறம்” என்பது வழக்கம். எந்தச் சனிப்பெயர்ச்சி? திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17. வாக்கியப்படி அதே சனி அதே கும்பத்துக்குப் போனது டிசம்பர் 20. இடையில் பதினோரு மாதம். பிப்ரவரியில் தலைவன் வந்தால் திருக்கணிதம் பலித்தது. வராவிட்டால் பெயர்ச்சியே இன்னும் ஆகவில்லை.

வருகையின் வகைகள்

விடையில் மட்டும் அன்று, வினாவிலும் ஓட்டை உண்டு. எதை வருகையாகக் கொள்வது? பிளாக்கை எடுப்பது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டுப் போவது, பொங்கலுக்கு எல்லாருக்கும் அனுப்பிய வாழ்த்தை இவளுக்கும் அனுப்புவது என்று பல படிகள் உள்ளன. உச்சப் படி இவ்வூருக்கே உரியது. தலைவன் குடும்பத்தோடு காந்தி ரோட்டில் வந்து இறங்கி, வேறொரு பெண்ணுக்குக் கூறைப்புடவை எடுக்கிறான். ‘ஐப்பசிக்குள் உன் ஊர் தேடி வருவான்’ என்ற வாக்கு எழுத்துப் பிசகாமல் பலித்துவிட்டது.

மங்கலின் பொருளாதாரம்

உறுதியாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதை வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகர் 2008-இல் புணேயில் சோதித்துப் பார்த்தார். 200 ஜாதகங்கள். பாதி படிப்பில் சிறந்த மாணவர்களுடையவை, பாதி மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுடையவை. ஒவ்வொரு ஜோதிடரும் 40 ஜாதகத்தைப் பார்த்து எது எவ்வகை என்று மட்டும் சொல்ல வேண்டும். விடை அனுப்பிய 27 பேரும் சேர்ந்து எடுத்த சராசரி 46 விழுக்காடு. காசைச் சுண்டியிருந்தால் 50 கிடைத்திருக்கும். ‘இழுபறி’, ‘தடை’, ‘ஒரு பெரியவர் மூலமாக’ போன்ற சொற்களுக்கு அங்கே இடமில்லாமல் போனதே காரணம் என இவ்வாய்வு கருதுகிறது.

ஆயினும் பழி முழுவதும் திண்ணைக்குரியது அன்று. ‘வரமாட்டார்’ என்ற தெளிவான விடையைத் தலைவியின் தோழி ஏற்கெனவே இலவசமாகக் கொடுத்திருக்கிறாள். காசு கொடுத்துத் தலைவி வாங்க வந்தது வேறு சரக்கு.

முடிவும் பரிந்துரையும்

திரும்பி வரும் நாளைத் தவறாமல் அறிவித்திருப்பவர் இவ்வூரில் ஒருவரே. அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் 1979-இல் வந்தார், 2019-இல் வந்து 48 நாள் காட்சி தந்தார், அடுத்து 2059. அவருக்கு இணையான விடை வேண்டுவோர் மூன்றை எழுதி வாங்கலாம்: எந்தத் தேதிக்குள், எந்தப் பஞ்சாங்கப்படி, எது நடந்தால் வாக்குத் தோற்றதாகும். மூன்றையும் எழுதித் தரும் ஜோதிடர் அகப்பட்டால் கட்டணத்தை இரட்டிப்பாக்கலாம். அவர் சொன்னபடி தலைவன் வராவிட்டால் பரிகாரம் உண்டு. அது எத்தனை வாரத்தில் பலிக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.