அண்ணாச்சிக்கு ஒரு பணிவான மிரட்டல்

வந்த சரக்கு போலியோ என்று ஐயுறும் மின்பொருள் கடைக்காரர், அதை அனுப்பிய பாரிமுனை மொத்த வியாபாரியான அண்ணாச்சியிடம் மூலச் சான்று கேட்டு எழுதும் கடிதத்தின் முதன்மையான இயல்பு, குற்றச்சாட்டு ஒரு வரி என்றால் மன்னிப்பு இரண்டு வரி என்பதாகும். “வயர் காயிலில் செம்பு குறைவதாகத் தெரிகிறது” என்று எழுதிய கையே, “எங்கள் தராசிலும் கோளாறு இருக்கலாம்” என்று உடனே சேர்த்துவிடுகிறது. “கம்பெனி பில்லின் நகலை மூன்று நாளில் அனுப்பவும்” என்னும் கட்டளையை, “அண்ணாச்சிக்கு ஒழியும்போது அனுப்பினாலும் போதும்” என்னும் வரி தொடர்கிறது. “சட்ட நடவடிக்கை” என்ற சொல் வரும் பத்தியிலேயே அண்ணாச்சியின் மகள் திருமணம் நல்லபடியாக நடந்ததா என்ற விசாரிப்பும் வந்துவிடும். இத்தனை பணிவுக்கும் காரணம் பண்பாடு அன்று. 45 நாள் தவணையில் வாங்கிய சரக்குக்கு இன்னும் கட்டாத பாக்கியே காரணம்.

ஐயம் மட்டும் ஆதாரமற்றதன்று. ‘ஒன்றரை ஸ்கொயர்’ எனக் கடைகளில் வழங்கும் வயர், 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்பைக் கொண்டது. அதில் ஒரு மீட்டரை நறுக்கி, மேலுறையை உரித்துச் செம்பை மட்டும் நிறுத்தால் 13 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். இவர் பக்கத்து நகைக்கடைத் தராசில் நிறுத்தபோது முள் 9 கிராமைத் தாண்டவில்லை என்றால், உள்ளே இருப்பது ஒரு ஸ்கொயர் வயர் அளவுச் செம்பே என்று பொருள். 5 கிராம்தான் என்றால், அது செம்பு முலாம் பூசிய அலுமினியமாகவே இருக்கக்கூடும். இழையைக் குறுக்கே வெட்டினால் நடுவில் வெள்ளையாகத் தெரியும். ஆனால் கடிதத்தில் இந்தக் கணக்கு இராது, “கைக்கு லேசாக இருக்கிறது” என்பது போன்ற வரிகளே இருக்கும். ஏனெனில் கணக்கை எழுதிவிட்டால் அண்ணாச்சி பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்ல வைப்பது மரியாதைக் குறைவல்லவா?

கேட்கும் சான்றிலும் அதே தயக்கம் உண்டு. ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே CM/L என்று தொடங்கும் எண், தயாரிப்பாளருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் தந்த உரிமத்தின் எண்ணாகும். அதை BIS Care செயலியில் இட்டால் உரிமம் யாருடையது என்று தெரியும். கடைக்காரர் இட்டுப் பார்க்கிறார், நிறுவனத்தின் பெயர் சரியாக வருகிறது, கடிதத்தில் மேலும் ஒரு மன்னிப்பு கூடுகிறது. போலி செய்பவன் பெயரைத் திருடும்போது எண்ணையும் சேர்த்தே அச்சடிப்பான் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. நிறுவனம் மொத்த வியாபாரிக்குப் போட்ட பில்லின் நகலும் முழுச் சான்றன்று; அவர் அந்த நிறுவனத்திடம் ஏதோ சரக்கு வாங்கினார் என்பதைத்தான் அது காட்டும், இந்தக் காயில்களையே வாங்கினார் என்பதைக் காட்டாது. ஆகவே, காயில் உறையில் உள்ள தொகுதி எண்ணை, அதாவது ஒரே ஓட்டத்தில் தயாரான சரக்குக்கு இடும் எண்ணை, நிறுவனத்துக்கே அனுப்பி, அது தங்கள் சரக்குதானா என்று எழுத்தில் கேட்பதே உறுதியான வழி. அண்ணாச்சியைத் தாண்டி நிறுவனத்துக்கு எழுதுவதோ, இவர் அகராதியில் துரோகம்.

உண்மையில் இக்கடிதம் அண்ணாச்சியை விட எழுதுபவருக்கே அதிகம் தேவைப்படுவது. போலி வணிகக் குறியிட்ட பொருளை விற்பவருக்கு, 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தின் 104ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தகுந்த முன்னெச்சரிக்கை எடுத்ததாகவும், ஐயுறக் காரணம் இருக்கவில்லை என்றும், சரக்கு யாரிடமிருந்து வந்தது என்பதைக் கேட்டபோது சொன்னதாகவும் மெய்ப்பித்தால் விலக்கு உண்டு. யாரிடமிருந்து வந்தது என்பதைக் காட்டப் பில் வேண்டும். ஆனால் வரியை மிச்சம் பிடிக்கப் பாதிச் சரக்கைப் பில் இல்லாமல் அனுப்பச் சொன்னவரே இவர்தான். தம்மிடமே இல்லாத பில்லின் மூலத்தை அண்ணாச்சியிடம் தேடும் இந்த அப்பாவித்தனத்தைக் கண்டு கோபம் கொள்வது கடினம்.

கடிதத்தின் பின்குறிப்பு அந்த இரக்கத்தையும் போக்கிவிடுகிறது: “அதே வயர் இன்னும் பத்துக் காயில் அனுப்பவும், இருந்தது தீர்ந்துவிட்டது.” தீர்ந்தது என்றால் விற்றுவிட்டார் என்று பொருள். ஐயம் எழுந்த அன்றே மிச்சக் காயில்களைக் கட்டித் தனியே வைத்து, முன்பு வாங்கிப்போனவர்களுக்கும் சொல்லியிருக்க வேண்டியவர், அண்ணாச்சியின் மனம் நோகாமல் எழுதுவதிலேயே ஒரு வாரத்தைக் கழித்துவிட்டார். சுவருக்குள் பதித்துப் பூசிய வயர் சூடேறுவதை வீட்டுக்காரர் பார்க்க முடியாது. அவருக்கு எழுத இக்கடைக்காரரிடம் ஒரு மன்னிப்பு வரிகூட மிச்சமில்லை.